பிரிவு ஒப்பந்தம்: எங்களுக்கு உண்மையில் பயன்பட்ட வரிகள்

நானும் என் மனைவியும் பிரிந்து வாழ்கிறோம். விவாகரத்து ஆகவில்லை. இப்போதைக்கு அதைப் பற்றி இருவரும் முடிவெடுக்கவும் இல்லை. மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஆறு. பிள்ளைகளை யார் எப்போது பார்த்துக்கொள்வது, செலவை எப்படிப் பங்கிடுவது, வீட்டையும் கடனையும் சேமிப்பையும் என்ன செய்வது என்பதையெல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இதே நிலையில் இருக்கும் இரண்டு நண்பர்கள் அந்த ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டார்கள். நகலைக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அடுத்தவர் குடும்பத்துக்காக எழுதியது இன்னொரு வீட்டுக்குப் பொருந்தாது. அதில் எந்த வரி எதற்காக வந்தது என்பதைச் சொன்னால் அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பிரிவு ஒப்பந்தம் திருமணத்தை முடித்து வைக்காது. சட்டப்படி இருவரும் இன்னும் கணவன் மனைவிதான். இந்த ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு யாரும் மறுமணம் செய்ய முடியாது. பிள்ளைகளைப் பற்றிய பகுதியும் பெற்றோர் எழுதியதோடு முடிந்துவிடாது. பெரும்பாலான நாடுகளில், அது பிள்ளையின் நலனுக்கு ஒவ்வாது என்று நீதிமன்றம் கருதினால் மாற்றலாம். பராமரிப்புத் தொகை பிள்ளைக்கு உரியது, அம்மாவோ அப்பாவோ விட்டுக்கொடுக்கக் கூடியது அல்ல. "எனக்கு உன் காசு வேண்டாம், நீ பிள்ளைகளைப் பார்க்க வராதே" என்று இரண்டையும் முடிச்சுப் போட்டு எழுதும் ஒப்பந்தங்களை எங்கள் வழக்கறிஞர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். அவை முதல் வழக்கிலேயே கிழிந்துபோகும்.

வழக்கறிஞர்கள் என்று பன்மையில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஆளுக்கு ஒருவர் வைத்துக்கொண்டோம். செலவு இரட்டிப்புதான். ஆனால் ஒரே வழக்கறிஞர் இருவருக்கும் எழுதிக் கொடுத்தால், பிறகு எவராவது ஒருவர் "எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை" என்று சொல்லி முழு ஒப்பந்தத்தையும் அசைத்துப் பார்க்க வழி கிடைத்துவிடும். சொத்தை மறைத்தாலும் அப்படித்தான். அதனால் பேச்சு தொடங்கும் முன்பே இருவரும் ஓராண்டு வங்கிக் கணக்கு விவரம், கடன் நிலுவைச் சீட்டு, ஓய்வூதியச் சேமிப்பு, காப்பீடு, நகை, வண்டி என்று அனைத்தையும் பட்டியலிட்டுப் பரிமாறிக்கொண்டோம். பட்டியலுக்கு ஒரு தேதி வேண்டும். நான் வீட்டை விட்டு வந்த நாளையே பிரிந்த தேதியாக இருவரும் ஒத்துக்கொண்டோம். அந்தத் தேதி வெறும் சடங்குக்காக இல்லை என்பது பின்னால் வீட்டுக் கணக்கில் தெரிந்தது.

பிள்ளைகள் பகுதியில் வரைவாக வந்த முதல் வாசகம் இதுதான்: "தந்தை நியாயமான அளவில் பிள்ளைகளைச் சந்திக்கலாம்." கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு இருவருக்கும் வாக்குவாதம் வரும்போது "நியாயமான" என்ற சொல் யார் பக்கமும் பேசாது. கடைசியில் நாங்கள் எழுதியது: பள்ளி நாட்களில் பிள்ளைகள் அம்மாவிடம். புதன்தோறும் பள்ளி விட்டதிலிருந்து இரவு எட்டு மணி வரை என்னிடம். வாரம் விட்டு வாரம், வெள்ளி பள்ளி விட்டதிலிருந்து திங்கள் காலை பள்ளியில் விடும் வரை என்னிடம். விடுமுறைகள் பாதிப் பாதி. முதல் பாதி யாருக்கு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

இதில் இரண்டு நுணுக்கங்கள். ஒன்று, கைமாற்றும் இடம் பள்ளி. ஒருவர் வாசலில் இன்னொருவர் நின்று காத்திருக்கும் சூழ்நிலை பெரும்பாலும் வராது. காலையில் ஒருவர் விடுகிறார், மாலையில் இன்னொருவர் அழைத்துக்கொள்கிறார். முதல் சில மாதங்கள் நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நிலையில் இல்லை. அந்த ஏற்பாடு பிள்ளைகளை எங்கள் முகங்களிலிருந்து காப்பாற்றியது. இரண்டாவது, "வாரம் விட்டு வாரம்" என்று எழுதினால் போதாது. நீண்ட விடுமுறை முடிந்ததும், கணக்கு விட்ட இடத்திலிருந்து தொடருமா, புதிதாகத் தொடங்குமா என்று கேள்வி வரும். எங்களுக்கு வந்தது. அதற்காக ஆண்டு முழுவதற்குமான நாட்காட்டியில் என் நாட்களுக்கு வண்ணம் தீட்டி இணைப்பாக வைத்திருந்தோம். ஒப்பந்தத்தில் அதிகம் புரட்டப்பட்ட பக்கம் அதுதான். மகளின் மேசைக்கு மேல் அதன் நகல் ஒட்டியிருக்கிறது.

மகனுக்கு மூச்சிழுப்பு உண்டு. முதல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு அவனுக்கு இழுப்பு வந்தபோது இன்ஹேலர் அம்மா வீட்டுப் பையில் இருந்தது. நல்லவேளையாகப் பெரிதாகவில்லை. மறுவாரமே வரைவில் ஒரு வரி சேர்த்தோம்: இன்ஹேலரும் அதன் குழாயும் இரண்டு வீட்டிலும் ஒவ்வொன்று, பள்ளியில் ஒன்று, மருந்து தீரும் தேதியைப் பார்ப்பது அந்தந்த வீட்டின் பொறுப்பு. இதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதுவதா என்று உறவினர் ஒருவர் சிரித்தார். எழுதவேண்டியதே இதைத்தான் என்பேன்.

முடிவெடுக்கும் உரிமையையும் இரண்டாகப் பிரித்தோம். அன்றாடம் வருவதை, அதாவது எப்போது தூங்குவது, என்ன சாப்பிடுவது, வீட்டுப்பாடம் எப்போது என்பதை, பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுப் பெரியவர் முடிவு செய்வார். பள்ளி மாற்றுவது, அறுவை சிகிச்சை, வெளிநாட்டுப் பயணம், பிள்ளைகளோடு வேறு ஊருக்குக் குடிபோவது ஆகிய நான்குக்கும் இருவரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும், பயணத்துக்கு எத்தனை நாள் முன்னால் தர வேண்டும் என்பதும் அதே பத்தியில் இருக்கிறது.

இனி செலவு. எங்கள் வருமானம் ஏறக்குறைய 60-க்கு 40 என்ற விகிதத்தில் இருந்தது, என்னுடையது 60. பிள்ளைகள் பெரும்பாலும் அம்மாவிடம் இருப்பதால் சாப்பாடு, உடை, போக்குவரத்து போன்றவற்றுக்காக நான் மாதம் ஒரு நிலையான தொகை அனுப்புகிறேன். அது சிக்கலே இல்லை. தேதி, தொகை, எந்தக் கணக்கு என்று மூன்றையும் எழுதிவிட்டு வங்கியில் தானாகப் போகும்படி வைத்துவிட்டால் அதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. சண்டை வருவது எப்போதாவது வரும் பெரிய செலவில்தான். எல்லா ஒப்பந்தத்திலும் "மருத்துவம், கல்வி உள்ளிட்ட கூடுதல் செலவுகள் விகிதப்படி பகிரப்படும்" என்று ஒரு வரி இருக்கும். அது எதற்கும் பதில் சொல்லாது.

எங்களிடம் அது மகளின் பல் கம்பியில் வந்து நின்றது. மொத்தம் 90 ஆயிரம். என் அலுவலகக் காப்பீடு 30 ஆயிரம் கொடுத்தது. என் வாதம் இப்படி: 90-இல் என் பங்கு 60 விழுக்காடு, அதாவது 54. அதில் 30 ஆயிரம் என் காப்பீட்டிலிருந்து வந்துவிட்டது, மீதி 24 நான் தருகிறேன், 36 நீ தர வேண்டும். அவள் வாதம் வேறு: காப்பீடு கொடுத்தது போகக் கையிலிருந்து போவது 60 ஆயிரம்தான். அதில் 60 விழுக்காடு 36 நீங்கள், 24 நான். பாருங்கள், அதே இரண்டு எண்கள் அப்படியே இடம் மாறி நிற்கின்றன. விகிதத்தில் எங்களுக்குக் கருத்து வேறுபாடே இல்லை. எதை முதலில் கழிப்பது என்பதில்தான்.

"நீங்க சொல்ற கணக்குப்படி பார்த்தா, அதிகமா சம்பாதிக்கிறவர் குறைவாத்தானே கட்டுறீங்க?" என்றாள். எனக்கும் ஒரு நியாயம் இருந்தது. அந்தக் காப்பீட்டுக்குப் பிள்ளைகளின் பெயரில் ஒவ்வொரு மாதமும் என் சம்பளத்தில் பிடித்தம் நடக்கிறது. வழக்கறிஞர்கள் இருவரும் சேர்ந்து அதை இரண்டு வரியில் முடித்தார்கள். காப்பீட்டில் வருவதைக் கழித்த பிறகு மிஞ்சும் நிகரச் செலவே விகிதப்படி பகிரப்படும். பிள்ளைகளுக்கான காப்பீட்டுப் பிடித்தமும் பொதுச் செலவாகக் கருதப்பட்டு அதே விகிதத்தில் பகிரப்படும். பல் கம்பிக்கு நான் 36 கொடுத்தேன், பிடித்தத்தில் 40 விழுக்காட்டை அவள் ஏற்றுக்கொண்டாள். இரண்டு வரியும் சேர்ந்து இருந்தால்தான் நியாயம். ஒன்றை மட்டும் எழுதினால் ஒருவர் வயிறெரியும்.

கூடவே ஒரு நடைமுறையும் எழுதினோம். குறிப்பிட்ட வரம்புக்கு மேல் போகும் செலவுக்கு முன்கூட்டியே கேட்க வேண்டும். ஏழு நாளில் பதில் இல்லையென்றால் சம்மதம் என்று பொருள். அவசர மருத்துவத்துக்குக் கேட்கத் தேவையில்லை. ரசீதை 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும், அனுப்பியதிலிருந்து 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். இதில் மிகவும் வேலை செய்வது அந்த ஏழு நாள் விதிதான். மறுப்பவர் மறுப்பதைவிட, பதிலே சொல்லாமல் இருப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். மௌனத்துக்கு இப்போது ஒரு விலை இருக்கிறது.

விகிதம் நிலையானது அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை இருவரும் வருமானச் சான்றைக் கொடுத்து விகிதத்தைத் திருத்த வேண்டும். மாதத் தொகை விலைவாசி உயர்வுக்கு ஏற்ப உயரும். இரண்டுக்கும் ஒரே மாதத்தை வைத்தோம், இல்லையென்றால் யாருக்கும் நினைவிருக்காது.

இப்போது வீடு. இங்கேதான் அதிக நேரம் போனது, அதிகம் கற்றதும் இங்கேதான்.

கணக்குக்காக எண்களைச் சற்று உருட்டிச் சொல்கிறேன். இருவரும் ஒத்துக்கொண்ட மதிப்பீட்டாளர் வீட்டுக்குப் போட்ட மதிப்பு 50 லட்சம். கடன் எங்கள் இருவர் பெயரிலும் இருந்தது. நான் வெளியேறிய தேதியில் அசல் நிலுவை 31 லட்சம். ஒப்பந்தம் கையெழுத்தாகும் நேரத்தில் அது 30 லட்சமாகக் குறைந்திருந்தது. வீடு அவளுக்கு, என் பாதியை அவள் பணமாகத் தர வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவானது. பிள்ளைகளின் பள்ளி அங்கேதான் இருக்கிறது.

இன்றைய கணக்கில் 50-இல் 30 போனால் 20, என் பாதி 10 லட்சம். ஆனால் நான் போன பிறகு தவணை முழுவதையும் கட்டியவள் அவள். அசலில் குறைந்த அந்த ஒரு லட்சம் அவள் பணம். பிரிந்த தேதியில் இருந்த 31-ஐக் கழித்தால் மிச்சம் 19, என் பாதி ஒன்பதரை. பிரிந்த தேதி எதற்கு என்று முன்பு சொன்னேனே, இதற்குத்தான். என் வழக்கறிஞர் எதிர்வாதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்: அவள் முழு வீட்டிலும் குடியிருக்கிறாள், நான் வெளியே வாடகை கட்டுகிறேன், என் பாதிக்கு அவள் வாடகை தர வேண்டாமா? சட்டப்படி கேட்கக்கூடிய வாதம் என்றார். அந்த வீட்டில் என் பிள்ளைகளும்தான் குடியிருக்கிறார்கள் என்பதால் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. இரு தரப்பும் இனி எழுப்பமாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி மூடிவிட்டோம். கேட்காமல் விட்டதையும் எழுதி மூடுவது நல்லது. இல்லையென்றால் மூன்று ஆண்டு கழித்து வேறு மனநிலையில் யாராவது அதைக் கையில் எடுப்பார்கள்.

அடுத்தது ஓய்வூதியச் சேமிப்பு. திருமண காலத்தில் என்னுடையதில் சேர்ந்தது 14 லட்சம், அவளுடையதில் 4. வித்தியாசம் 10, அதில் பாதி 5 லட்சம் நான் அவளுக்குத் தர வேண்டியது. ஒன்பதரையில் ஐந்தைக் கழித்தால் நாலரை என்று ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம்தான். ஆனால் இரண்டும் ஒரே வகைப் பணம் இல்லை. வீட்டுக்காக அவள் தருவது இன்றைய ரொக்கம். ஓய்வூதியத்தில் இருப்பது பல ஆண்டு கழித்துக் கைக்கு வரும், எடுக்கும்போது வரி பிடிக்கப்படவும் வாய்ப்புண்டு. வரிக் கணக்கு பார்ப்பவர் ஒருவரிடம் கேட்டு, அந்த ஐந்தின் இன்றைய மதிப்பை நான்கு என்று இருவரும் ஏற்றோம். ஒன்பதரையில் நான்கு போக, அவள் எனக்குத் தர வேண்டியது ஐந்தரை லட்சம். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்குப் பொதுவான விதி கிடையாது, வயதையும் அந்தத் திட்டத்தின் வரியையும் பொறுத்தது. குறைக்காமல் நேருக்கு நேர் கழிப்பதுதான் தவறு.

சரி, பங்கு முடிந்தது. கடன் முடியவில்லை. "வீட்டுக் கடனை இனி மனைவியே கட்டுவார்" என்று ஒப்பந்தத்தில் எழுதினால், அது எங்கள் இருவரைத்தான் கட்டுப்படுத்தும். கடன் கொடுத்த நிறுவனம் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. அவள் ஒரு தவணை தவறினால் அவர்கள் என்னையும் தேடி வருவார்கள், அதில் தவறும் இல்லை. தவணை ஒழுங்காகப் போனாலும், நான் வேறு வீட்டுக்குக் கடன் கேட்டால் இந்த 30 லட்சமும் என் தலையில் இருப்பதாகவே கணக்கிடுவார்கள். எனக்கு அப்படி ஒரு விண்ணப்பம் திரும்பி வந்தது. பத்திரத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டுக் கடனில் பெயரை விட்டுவைப்பது இன்னும் மோசம். சொத்து போய்விடும், பொறுப்பு மட்டும் நிற்கும்.

ஆகவே ஒப்பந்தத்தில் வரிசை எழுதப்பட்டது. அவள் தன் பெயரில் மட்டும் புதுக் கடன் வாங்கி, 30 லட்சத்தை அடைத்து, எனக்கு ஐந்தரையைத் தர வேண்டும். அதே நாளில் நான் என் பங்கை எழுதிக் கொடுப்பேன். முதல் வரைவில் இதற்குக் காலக்கெடு மூன்று மாதம் என்று இருந்தது. அவளுடைய வழக்கறிஞர் கடன் நிறுவனத்திடம் முன்கூட்டியே விசாரித்தார். நான் அனுப்பும் மாதத் தொகையை அவளுடைய வருமானத்தில் சேர்த்துக்கொள்ள, கையெழுத்தான ஒப்பந்தமும் ஆறு மாத வங்கி வரவும் வேண்டும் என்றார்கள். ஆறு மாத ஆதாரம் தேவைப்படும் காரியத்துக்கு மூன்று மாதக் கெடு! கெடுவை ஒன்பது மாதமாக்கினோம். அதற்குள் முடியாவிட்டால் என்ன என்பதையும் எழுதினோம்: வீட்டை விற்பனைக்கு விட வேண்டும், முகவரை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பது, மதிப்பீட்டுக்குக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விற்கக் கூடாது, விற்கும் வரை தவணை யார் கட்டுவது என்று எல்லாம். அதுவரை எந்தத் தவணையாவது தாமதமானால் உடனே எனக்குத் தெரியும்படி, கடன் கணக்கைப் பார்க்கும் வசதி என்னிடம் இருக்கும் என்றும் ஒரு வரி.

அப்புறம் சிறு விஷயங்கள் சில. கூட்டுக் கணக்கையும் கூடுதல் கடனட்டையையும் கையெழுத்தான வாரத்திலேயே மூடினோம். காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் பயனாளியாக யார் பெயர் இருக்கிறது என்பது ஒப்பந்தம் போட்டதால் தானாக மாறிவிடாது. அந்தந்த நிறுவனத்தின் படிவத்தில்தான் மாற்ற வேண்டும். உயிலும் அப்படியே, தனியாக எழுத வேண்டும். நான் பாதியில் இறந்துவிட்டால் மாதத் தொகை நின்றுவிடும் என்பதால், மகன் படிப்பை முடிக்கும் வயது வரை ஓர் ஆயுள் காப்பீட்டை நடப்பில் வைத்திருக்க வேண்டும் என்றும், அதன் ரசீதை ஆண்டுதோறும் அவளுக்குக் காட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. மீண்டும் சேர்ந்து வாழ்ந்தால் ஒப்பந்தம் என்னாகும் என்பதற்கும் ஒரு பத்தி உண்டு. அதை எழுதும்போது அறையில் யாரும் பேசவில்லை. ஆனால் இருந்தே ஆக வேண்டிய பத்தி அது. இல்லையென்றால் சில வாரம் சேர்ந்திருந்ததையே காரணம் காட்டி ஒப்பந்தம் செல்லாது என்று ஒருவர் வாதிடலாம்.

கருத்து வேறுபாடு வந்தால் முதலில் எழுத்தில் தெரிவிப்பது, 14 நாளில் தீராவிட்டால் சமரசர் முன் ஓர் அமர்வு, அதன்பிறகே நீதிமன்றம் என்று படிகள் வைத்திருக்கிறோம். பிள்ளையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதற்கு இந்தப் படிகள் பொருந்தாது, நேரே போகலாம். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தவர்களுக்கு இந்தச் சமரச வழியே சரிவராது. அவர்கள் முதலில் பாதுகாப்பு உத்தரவைத்தான் பார்க்க வேண்டும், ஒப்பந்தப் பேச்சு பிறகு.

புதுக் கடன் எட்டாவது மாதத்தில் அனுமதியானது. ஆனால் பத்திர வேலை இழுத்ததால் ஒன்பது மாதக் கெடு தாண்டும் போலிருந்தது. வாய்மொழியாகச் சரி என்று சொல்வதற்குப் பதிலாக, ஒரே பக்கத்தில் ஆறு வாரம் நீட்டிப்பு எழுதி இருவரும் கையெழுத்திட்டு மூல ஒப்பந்தத்தோடு இணைத்தோம். ஐந்தரை லட்சமும் பத்திரமும் ஒரே நாளில் கைமாறின. கடன் நிறுவனம் என் பெயரை விடுவித்துக் கொடுத்த கடிதத்தை நான் தனியாக வாங்கி வைத்துக்கொண்டேன். ஆண்டுத் திருத்தம் அடுத்த மாதம் வருகிறது. மகள் புதன்கிழமை மாலையில் இசை வகுப்பு வேண்டுமென்று கேட்டிருக்கிறாள், அதனால் அவளுக்கு மட்டும் வியாழனாக மாற்ற வேண்டியிருக்கும்.